ஒரே 29 டிகிரி: ஒருத்திக்கு பெல்ட், இன்னொருத்திக்கு வேண்டாம்

இரண்டு பெண்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அக்காவின் மகளுக்கு வயது 15, தங்கையின் மகளுக்கு 12. இருவருக்கும் முதுகெலும்பு வலப்பக்கமாக வளைந்திருக்கிறது. இருவரின் எக்ஸ்ரேயிலும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொண்டது 29 டிகிரி. மூத்தவளைப் பார்த்த டாக்டர், "ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுகிறார். இளையவளுக்கு மட்டும் இடுப்பிலிருந்து அக்குள் வரை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பெல்டுக்கு அளவெடுக்கச் சொல்கிறார். ஒரே அளவு, ஆனால் இரண்டு முடிவுகள். வீட்டில் பேச்சு எழத்தான் செய்யும். ஆனால் இரண்டு முடிவுகளுமே சரியானவை.

ஸ்கோலியோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த வளைவு கூன் அல்ல. கூனில் முதுகு முன்பக்கமாக வளைகிறது. இதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அந்த முறுக்கு விலா எலும்புகளையும் இழுத்துக்கொண்டு போவதால்தான், பிள்ளை குனிந்து நிற்கும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறது. சுடிதார் ஒரு தோளில் மட்டும் சரியாக உட்காரவில்லை என்று தையற்காரர் சொல்லி விஷயம் வெளியே வருவதும் உண்டு. பருவ வயதில் வரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. புத்தகப் பை சுமந்ததாலோ கோணலாக உட்கார்ந்ததாலோ இது வருவதில்லை. இதைச் சொல்லிவிடுவது நல்லது. பல வீடுகளில் அந்தப் பழி பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

வளைவை எண்ணாக மாற்றும் முறையை 1948இல் எழுதி வைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஜான் ராபர்ட் காப். இன்றும் உலகம் முழுக்க அவர் முறைதான். எக்ஸ்ரேயில் வளைவின் மேல்பக்கத்தில் எந்த முள்ளெலும்பு மிக அதிகமாகச் சாய்ந்திருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். அதன் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு. பிறகு வளைவின் அடிப்பக்கத்தில் எதிர்த்திசையில் மிக அதிகமாகச் சாய்ந்த முள்ளெலும்பைக் கண்டுபிடித்து, அதன் கீழ் விளிம்பை ஒட்டி இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள கோணமே காப் கோணம். படத்தில் இரண்டு கோடுகளும் வெகு தொலைவில்தான் சந்திக்கும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து அவை வெட்டும் இடத்தில் அளப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் அளக்கும்போது அந்த வேலை மிச்சம். 10 டிகிரியைத் தாண்டினால்தான் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். அதற்குக் குறைந்த சாய்வு எத்தனையோ பேரிடம் உண்டு, அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

இதில் தடுமாற்றம் வருவது கோடு இழுப்பதில் அல்ல. எந்த முள்ளெலும்பிலிருந்து எது வரை என்று முடிவெடுப்பதில்தான். மிக அதிகமாகச் சாய்ந்தது ஐந்தாவதா ஆறாவதா என்று இரண்டு பேருக்கு இரண்டு கருத்து வரலாம். அதற்கொரு அடையாளம் உண்டு. வளைவுக்குள் இருக்கும்வரை முள்ளெலும்புகளுக்கு இடையேயான வட்டுகள் வளைவின் வெளிப்பக்கத்தில் அகலமாகவும் உள்பக்கத்தில் குறுகலாகவும் இருக்கும். எந்த இடத்தில் அந்த அகலம் பக்கம் மாறத் தொடங்குகிறதோ, அங்கே வளைவு முடிந்துவிட்டது. அதனால்தான் நல்ல அறிக்கை வெறுமனே '29 டிகிரி' என்று சொல்லி நிறுத்தாது. 'வலப்பக்க வளைவு, டி6 முதல் டி12 வரை, 29 டிகிரி' என்று எல்லையையும் சேர்த்து எழுதும். டி என்பது மார்புப் பகுதி முள்ளெலும்புகளுக்கு நம் ஊர் அறிக்கைகளில் போடும் எழுத்து. எல்லை எழுதாத அறிக்கையை அடுத்த அறிக்கையோடு ஒப்பிடுவது கடினம்.

அனுபவமுள்ள ஒருவரே ஒரே படத்தைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்தாலும் 3 முதல் 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம். அளப்பவர் மாறினால் இன்னும் கொஞ்சம் கூடும். இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. முறையின் இயல்பே அதுதான். அதனால் 24 டிகிரி 27 ஆனது என்று அறிக்கை சொன்னால், மருத்துவர் அதை 'மாறவில்லை' என்றே எடுத்துக்கொள்வார். 5 டிகிரியோ அதற்கு மேலோ கூடினால்தான் வளைவு உண்மையிலேயே வளர்ந்திருக்கிறது என்று நம்ப இடமுண்டு.

படம் எடுத்த விதமும் எண்ணை மாற்றும். எக்ஸ்ரே நின்றபடிதான் எடுக்கப்பட வேண்டும். படுக்கும்போது உடம்பின் எடை முதுகெலும்பின் மேல் இறங்காது என்பதால் வளைவு தளர்ந்து சின்னதாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. படுக்கவைத்து எடுப்பது. அதில் எழுதியிருக்கும் கோணத்தையும் நின்றெடுத்த எக்ஸ்ரே கோணத்தையும் அருகருகே வைத்து 'கூடிவிட்டது' என்று பதறுவது வெகு சாதாரணமாக நடக்கும் தவறு. காலையில் எடுத்த படத்தைவிட மாலையில் எடுத்ததில் சராசரியாக 5 டிகிரி வரை கூடுதலாக இருக்கலாம் என்றும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பகல் முழுக்க நின்று நடந்த முதுகு கொஞ்சம் தொய்ந்திருக்கும். ஆகவே அடுத்தடுத்த படங்களை ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுப்பது வீண் ஆசாரம் அல்ல.

கதிர்கள் முதுகுப் பக்கமிருந்து நுழைந்து முன்பக்கம் வெளியேறும்படி நிற்கவைப்பதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் முதுகு வளைவுக்காகச் சிறு வயதில் பலமுறை எக்ஸ்ரே எடுக்கப்பட்ட 5,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து ஆராய்ந்தார்கள். 1912க்கும் 1965க்கும் இடையில் பரிசோதிக்கப்பட்ட பெண்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் சராசரியாக 25 முறை படம் எடுத்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் அதிகமாக இருந்தார்கள். அன்றைய எக்ஸ்ரே இயந்திரங்களின் கதிர்வீச்சு இன்றையதைவிட மிக அதிகம். இருந்தாலும் அந்தப் பாடத்தை மருத்துவர்கள் மறக்கவில்லை. வளரும் பிள்ளைக்கு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் படம் கேட்கும் மருத்துவரிடம் ஏன் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

இப்போது இளையவளின் கதைக்கு வருவோம். ஜூனில் முதல் படம் எடுத்தபோது அறிக்கையில் 21 டிகிரி. டிசம்பரில் வேறொரு ஸ்கேன் சென்டரில் எடுத்த படத்தில் 31. ஆறு மாதத்தில் 10 டிகிரி என்றால் குடும்பமே ஆடிப்போகும். டாக்டர் இரண்டு அறிக்கைகளையும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டு ஃபிலிம்களையும் எடுத்தார். முதல் சென்டரில் டி6 முதல் டி11 வரை அளந்திருந்தார்கள், இரண்டாவதில் டி5 முதல் டி12 வரை. அவர் இரண்டு படத்திலும் டி6, டி12 என்ற அதே எல்லைகளை வைத்துத் தாமே அளந்தார். ஜூனில் 23, டிசம்பரில் 29. பத்து ஆறானது. ஆறும் பிழையின் எல்லையைத் தாண்டியதுதான். எனவே வளைவு வளர்கிறது, ஆனால் அறிக்கைகள் சொன்ன வேகத்தில் அல்ல.

அடுத்து அவர் பார்த்தது அதே ஃபிலிமின் கீழ்ப்பகுதியை. முதுகுப் படத்தில் இடுப்பெலும்பும் சேர்ந்து விழ வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் பருவ வயதில் பிறை போல ஒரு மெல்லிய எலும்பு தோன்றும். வெளிப்பக்கத்தில் தொடங்கி முதுகுப் பக்கமாக மெல்ல நீளும். அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை வைத்து, உடம்பில் இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி இருக்கிறது என்று கணிக்கலாம் என்பதை 1950களில் எடுத்துச் சொன்னவர் ஜோசப் ரிஸ்ஸர். பிறை தோன்றவே இல்லையென்றால் ரிஸ்ஸர் 0. கால்பங்கு வந்தால் 1, பாதி 2, முக்கால் 3, முழுதும் வந்தால் 4. அது இடுப்பெலும்போடு ஒட்டிப்போனால் 5, அதாவது வளர்ச்சி முடிந்தது. இளையவளுக்கு ரிஸ்ஸர் 0. மூத்தவளுக்கு 4.

இரண்டு 29களும் வெவ்வேறாவது இங்கேதான். வளைவு பெரிதாவதற்கு முதுகெலும்பு வளர வேண்டும். வளர்ச்சி தீர்ந்த பிள்ளையிடம் வளைவுக்குப் பெரிதாக இடமில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த லோன்ஸ்டைனும் கார்ல்சனும் 727 பிள்ளைகளின் படங்களை வரிசையாகப் பார்த்து 1984இல் வெளியிட்ட கணக்கைத்தான் மருத்துவர்கள் இன்றும் மனதில் வைத்திருக்கிறார்கள். வளைவு 20க்கும் 29க்கும் இடையில் இருந்த பிள்ளைகளில், ரிஸ்ஸர் 0 அல்லது 1 ஆக இருந்தவர்களில் 68 சதவீதம் பேருக்கு அது மேலும் கூடியது. அதே வளைவோடு ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை எட்டியிருந்தவர்களில் கூடியது 23 சதவீதம் பேருக்குத்தான். 4ஐ எட்டியவர்களை மட்டும் தனியே பார்த்தால் ஆபத்து இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

ரிஸ்ஸருக்கும் ஒரு பலவீனம் உண்டு. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் அந்தச் சில மாதங்கள், பிறை தோன்றுவதற்கு முன்பே வந்து போய்விடும். அதாவது ரிஸ்ஸர் 0 என்ற ஒரே பெட்டிக்குள் வளர்ச்சி இன்னும் ஆரம்பிக்காத பிள்ளையும், உச்சத்தில் இருக்கும் பிள்ளையும், உச்சத்தைத் தாண்டிய பிள்ளையும் அடங்கிவிடுகிறார்கள். மிக முக்கியமான நேரத்தில் இந்தக் கருவி ஊமையாகிவிடுகிறது. அதனால் இப்போது பல மருத்துவர்கள் இடது கையின் எக்ஸ்ரே ஒன்றையும் சேர்த்து எடுக்கிறார்கள். விரல் எலும்புகளின் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து, உச்சம் முன்னால் இருக்கிறதா பின்னால் போய்விட்டதா என்று சொல்லிவிட முடியும். சாண்டர்ஸ் வகுத்த எட்டு நிலைகள் இதற்குப் பயன்படுகின்றன.

செலவில்லாத இரண்டு தகவல்கள் வீட்டிலேயே கிடைக்கும். ஒன்று, பெண் வயசுக்கு வந்த தேதி. வேகமான வளர்ச்சியின் உச்சம் பொதுவாக அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் முன்பு வந்து போயிருக்கும். வயசுக்கு வந்து இரண்டு வருடம் கழிந்தால் உயரம் கூடுவது ஏறக்குறைய நின்றுவிடும். மற்றொன்று, சுவரில் பென்சிலால் குறித்து வைத்த உயரம். இளையவள் ஜூனில் 148 சென்டிமீட்டர், டிசம்பரில் 152. ஆறு மாதத்தில் 4 சென்டிமீட்டர் என்றால் வருடத்துக்கு 8, பெண் பிள்ளைகளின் உச்ச வேகம் அதுதான். இன்னும் வயசுக்கு வரவில்லை. மூத்தவள் 12 வயதிலேயே வந்துவிட்டாள், கடந்த ஒரு வருடமாக அவள் உயரம் நகரவில்லை.

பெல்டை யாருக்குப் பரிந்துரைப்பது என்பதற்குப் பரவலாகப் பயன்படும் அளவுகோல், ஸ்கோலியோசிஸ் ஆராய்ச்சிச் சங்கம் என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பின் குழு 2005இல் வெளியிட்டது. பெல்டுகளைப் பற்றிய ஆய்வுகளில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதற்காக எழுதப்பட்ட வரையறை அது. வயது 10 அல்லது அதற்கு மேல், ரிஸ்ஸர் 0 முதல் 2 வரை, வளைவு 25 முதல் 40 டிகிரி, முன்பு சிகிச்சை எதுவும் எடுத்திருக்கக் கூடாது, பெண்ணாக இருந்தால் வயசுக்கு வராதவளாகவோ வந்து ஒரு வருடம் ஆகாதவளாகவோ இருக்க வேண்டும். இளையவள் ஒவ்வொரு நிபந்தனையிலும் பொருந்துகிறாள். மூத்தவள் வயதிலும் கோணத்திலும் மட்டும் பொருந்துகிறாள். ஜூனிலேயே இளையவளுக்கு ஏன் பெல்ட் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். அப்போது 23 டிகிரி. 20க்கும் 25க்கும் இடையில் பெரும்பாலான மருத்துவர்கள் வளர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். வளர்ச்சி நிறைய பாக்கியுள்ள பிள்ளைக்கு 20லேயே தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பது இயல்பு.

பெல்ட் வேலை செய்கிறதா என்பதே நெடுங்காலம் சந்தேகத்தில் இருந்தது. 1940களில் வந்த மில்வாக்கி பிரேஸ் தாடையை ஏந்தும் வளையத்தோடு கழுத்துவரை ஏறும் உலோகச் சட்டம். அதை மாட்டிக்கொண்டு ஒரு தலைமுறை பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆனால் போடாதவர்களோடு சரியாக ஒப்பிட்டு யாரும் பார்க்கவில்லை. அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் வைன்ஸ்டைன் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுதான் 2013இல் அந்தக் கேள்விக்கு விடை சொன்னது. எலும்பு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டாவிட்டால் வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் வெற்றி, வெறுமனே கவனித்து வந்தவர்களில் 48 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

அந்த 48ஐ இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும். பெல்ட் போடாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இல்லாமலே சரியாகத்தான் போயிருக்கிறது. அந்தப் பாதி யார் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்ல இன்றைய அளவுகோல்களால் முடியாது. டாக்டர் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு முடிவைக் குடும்பத்தோடு சேர்ந்து எடுப்பதே நியாயம்.

50 என்ற எல்லை கைக்கு வந்தபடி போட்டதல்ல. வைன்ஸ்டைனும் பொன்செட்டியும் அதே அயோவாவில் நோயாளிகளைச் சராசரியாக 40 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வளர்ச்சி முடியும்போது 30க்குக் கீழே இருந்த வளைவுகள் பிறகு பெரும்பாலும் அசையவில்லை. 50ஐத் தாண்டிய மார்புப் பகுதி வளைவுகளோ வளர்ந்த பிறகும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 டிகிரி என்ற கணக்கில் கூடிக்கொண்டே போயின. அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சு 45, 50 என்ற இடத்தில் தொடங்குவதற்கு இதுவே அடிப்படை.

பெல்ட் எத்தனை மணி நேரம் உடம்பில் இருக்கிறது என்பதை அந்த ஆய்வில் பிள்ளைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பெல்டுக்குள் வெப்பத்தை உணரும் சின்னக் கருவி ஒன்றைப் புதைத்து வைத்தார்கள். போட்டால் உடம்புச் சூடு, கழற்றினால் அறைச் சூடு. தினம் 18 மணி நேரம் போடச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் முதல் ஆறு மாதத்தில் சராசரி 12 மணி நேரம்தான். தினம் 6 மணி நேரத்துக்கும் குறைவாகப் போட்டவர்களில் வெற்றி 41 சதவீதம், போடாததற்குச் சமம். ஏறத்தாழ 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல். அதிக நேரம் போடுவதும் நல்ல பலனும் சேர்ந்தே தெரிந்தன. ஒழுங்காகப் போடும் பிள்ளைகள் வேறு விதத்திலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு படித்தாலும் வித்தியாசம் சின்னதல்ல.

இளையவளுக்கு பெல்ட் வந்தது. உள்ளே தையல் இல்லாத மெல்லிய பருத்தி பனியன் போட்டு, அதன் மேல் பெல்ட். ஏப்ரல், மே மாதத்துப் புழுக்கத்தில் அது எளிதல்ல, தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து பெல்ட் போட்டபடியே ஒரு படம். அதில் 15 டிகிரி. வளைவு பாதியாகக் குறைந்து தெரிந்தால் பட்டைகள் சரியான இடத்தில் அழுத்துகின்றன என்று பொருள். குறையவே இல்லையென்றால் பெல்டைத் திருத்த வேண்டும், பிள்ளையைத் திட்டக் கூடாது. இந்த 15ஐப் பார்த்து, சரியாகிவிட்டது என்று அம்மா நினைத்துவிடுவதுதான் அடுத்த சிக்கல். கழற்றினால் வளைவு திரும்ப வரும். வளர்ச்சி ஓடி முடியும்வரை மேலே போகாமல் பிடித்து வைப்பதுதான் பெல்டின் வேலை.

ஆறு மாதம் கழித்து பெல்ட் இல்லாமல் எடுத்த படத்தில் 30. அது மாற்றமே இல்லை. ஆனால் பெல்டுக்குள் இருந்த கருவி தினம் 9 மணி நேரம் என்றுதான் காட்டியது. பள்ளியில் யாரோ தட்டிப் பார்த்துச் சிரித்ததால் அவள் காலையில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் கணக்கை மாற்றிப் போட்டார். பள்ளிக்கூட நேரத்தை விட்டுவிடு, வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொள், தூங்கும்போதும் கழற்றாதே. அதிலேயே 14 மணி நேரம் வந்துவிடும்.

பதினான்கரை வயதில் அவளுக்கு ரிஸ்ஸர் 4. வயசுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, கடைசி ஆறு மாதத்தில் உயரம் கூடவில்லை. வளைவு 33 டிகிரி. "தொடங்கினப்போ 29 தானே டாக்டர், குறையவே இல்லையே" என்று அம்மா கேட்டார். அந்த ஆய்வின் அளவுகோலில் இது முழு வெற்றி. 50க்கு வெகு கீழே நிற்கிறது, வளர்ச்சி முடிந்துவிட்டது. பெல்டைப் படிப்படியாகக் கழற்றச் சொன்னார் டாக்டர், முதலில் பகலில், பிறகு இரவிலும். கழற்றிய பிறகு வளைவு சில டிகிரி தளர்ந்துகொடுப்பது சகஜம் என்பதால் ஆறு மாதம் கழித்து ஒரு படம், அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று. அடுத்த படத்தில் 36 என்று வந்தால், பதறுவதற்கு முன் அதே டி6, டி12 எல்லைகள்தானா, நின்றுதான் எடுத்தார்களா, காலையிலா மாலையிலா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.